மூன்று தேதிகள், ஒன்றுக்கு மட்டும் தடித்த எழுத்து

இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகம் தெரிந்த பையன் ஒருவனுக்கு அனுப்பிய அட்மிஷன் மின்னஞ்சலை, ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்த்தேன். லண்டனுக்கு வெளியே எம்.எஸ்சி., வகுப்பு 2026 செப்டம்பர் 14-ல் தொடக்கம், கட்டணம் 22,000 பவுண்டு. முதல் வரியில் வாழ்த்து. அடுத்ததாகத் தடித்த எழுத்தில்: ஜூன் 30-க்குள் 4,000 பவுண்டு டெபாசிட். நிபந்தனைகள் இணைத்திருக்கும் பிடிஎஃப்பின் இரண்டாம் பக்கத்தில் கிடக்கின்றன.

அந்தப் பக்கத்தை நிரல் மாதிரிதான் படிக்கணும். எல்லா நிபந்தனையும் சேர்ந்து நிறைவேறணும். ஒன்று தவறினாலும் இடம் உறுதியில்லை. "ஐஇஎல்டிஎஸ் மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையாமல்" என்றால், மொத்தம் 7 வாங்கியவரும் ரைட்டிங்கில் 5.5 என்றால் தோற்றார். பட்டச் சான்றுக்கு ஏழு செமஸ்டர் மார்க்‌ஷீட் போதாது. எட்டாவதும் வந்து, புரொவிஷனல் சான்றிதழோடு ஜூலை 31-க்குள் போய்ச் சேரணும். டெபாசிட் கட்டியதால் எந்த நிபந்தனையும் நீங்குவதில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் காஸ் எண் வரும். அது இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

மடல் சொல்லாத மூன்றாவது தேதி ஒன்று இருக்கிறது. விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம், மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்கணும். கட்டிய டெபாசிட் கழிந்து மீதிக் கட்டணம் 18,000. வாழ்க்கைச் செலவு மாதம் 1,171 வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539. ஆக 28,539 பவுண்டு. நடுவில் ஒரே ஒரு நாள் இதற்குக் கீழே போனாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. மாமா கணக்கில் எவ்வளவு இருந்தாலும் பிரயோசனமில்லை.

இப்போ பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். விசா முடிவுக்குப் பொதுவாக மூன்று வாரம் என்றால், ஆகஸ்ட் 21-ல் விண்ணப்பித்தால் செப்டம்பர் 11-ல் பதில். 28 நாள் ஆகஸ்ட் 20-ல் முடியணும் என்றால், பணம் ஜூலை 24-க்குள் கணக்கில் விழணும். கல்விக்கடனை நம்பாமல் நிலத்தை விற்றோ எஃப்.டி.யை உடைத்தோ பணம் திரட்டும் குடும்பத்துக்கு இதுதான் நிஜமான கெடு. ஜூலை 31-ஐயே கடைசி என்று நம்பி ஆகஸ்ட் 1-ல் பணம் போட்டால், விண்ணப்பமே ஆகஸ்ட் 29-ல்தான். பதில் வருவதற்குள் வகுப்பு தொடங்கிவிடும்.

இந்த மடலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தடித்த எழுத்து பல்கலைக்கழகத்துக்குப் பணம் வரும் தேதிக்குத்தான் கிடைத்திருக்கிறது. மாணவர் பணத்தைத் தயாராக வைக்க வேண்டிய தேதிக்கு ஒரு வரிகூட இல்லை. ரீஃபண்ட் விதியும் அதே பக்கச் சாய்வுதான்: விசா மறுப்பு, மதிப்பெண் குறைவு இரண்டுக்கும் ஆதாரம் காட்டினால் டெபாசிட் திரும்பும், தாமதத்துக்குத் திரும்பாது. கட்டுவதற்கு முன்னால் படிக்க வேண்டிய வரி அது. இருப்பதோ பிடிஎஃப்பின் கடைசிப் பக்கத்தில்.