உச்ச விலைச் செய்தியும் ஒரு பவுன் சங்கிலியும்

2020 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ரிசர்வ் வங்கி வழியாக அரசு விற்ற தங்கப் பத்திரத்தின் விலை கிராமுக்கு 5,334 ரூபாய். அந்த நிதியாண்டில் பன்னிரண்டு தவணைகளாக வந்த பத்திரங்களில் விலை மிகுந்தது இதுதான். அதிகம் விற்றதும் இதுதான். ஆண்டு முழுவதும் விற்ற 32.35 டன்னில் 6.35 டன், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, இந்த ஒரு தவணையில் போனது. அடுத்த மார்ச்சில் அதே பத்திரம் 4,662 ரூபாய்க்குக் கிடைத்தபோது இந்தக் கூட்டம் இல்லை. விலை குறைந்தால் வாங்குவோர் பெருகுவார்கள் என்பது காய்கறிச் சந்தைக்குப் பொருந்தும். தங்கத்தில் ஆட்களைக் கூட்டியது விலை அல்ல, விலையைப் பற்றிய செய்தி. தனிநபர் முதலீட்டாளர்கள் கண்ணில் பட்ட பங்கையே வாங்குகிறார்கள் என்று பார்பரும் ஓடியனும் 2008இல் அமெரிக்கச் சந்தையை ஆராய்ந்து காட்டியதற்கு, நம் ஊரில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ‘வரலாறு காணாத உச்சம்’ என்ற தலைப்பு, தங்கத்தைப் பற்றி அதுவரை நினைக்காதவரையும் நினைக்க வைத்துவிடுகிறது. இனியும் தாமதித்தால் எட்டாமல் போய்விடும் என்ற பதற்றம் அதன்பின் தானே வந்துவிடுகிறது.

பத்திரம் வாங்கியவரின் சேதம் சிறியது. அதே வாரம் நகை வாங்கியவரின் கணக்கு வேறு. நீலகிரியில் கிளென்மார்கன் போன்ற தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் தீபாவளி போனசுக்குக் காத்திராமல், கையிருப்பைத் திரட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போய் ஒரு பவுனில் சங்கிலி எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் அப்போது 22 காரட் பவுன் விலை 43,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. சேதாரம் 12 விழுக்காடு, அதன்மேல் ஜிஎஸ்டி 3 விழுக்காடு சேர்த்தால் பில் ஏறத்தாழ 49,600 ரூபாய். அடுத்த மார்ச்சில் பவுன் 34,000க்குக் கீழே இறங்கியது. அன்று விற்க நேர்ந்திருந்தால் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். பலகை விலை மறுபடி 43,000ஐத் தொட்டாலும் அந்தக் குடும்பம் கரையேறாது. சேதாரத்தையும் வரியையும் எந்தக் கடையும் திருப்பித் தராது. பவுன் 50,000ஐக் கடந்தது 2024 மார்ச்சில். போட்ட பணம் திரும்பிவர மட்டுமே மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வங்கியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வட்டி இந்தக் கணக்கில் இல்லை.

பதற்றம் வாங்கும் நாளைத் தேர்ந்தெடுக்கிறது என்றால், மனத்தில் ஊன்றிவிட்ட எண் அதன்பின் நடப்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை உண்டு. எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றிக் காட்டிவிட்டு, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் விடை 25ஐ ஒட்டியும், 65இல் நின்றதைப் பார்த்தவர்களின் விடை 45ஐ ஒட்டியும் இருந்தது. சக்கரத்துக்கும் கேள்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உச்ச விலையும் வாங்குபவரிடம் இந்த வேலையைத்தான் செய்கிறது, அதுவும் இரண்டு பக்கமும். 43,000 மனத்தில் பதிந்தவருக்கு 41,000 மலிவாகத் தெரிகிறது. ‘இரண்டாயிரம் இறங்கியிருக்கிறது, விடாதே’ என்கிறார். 33,000 மனத்தில் பதிந்தவரோ விலை மறுபடி அங்கே வரட்டும் என்று 2021இலிருந்து காத்திருந்து, கடைசியில் பொறுமையிழந்து அடுத்த உச்சச் செய்தியன்று கடைக்கு ஓடுகிறார். எதிரெதிராகத் தெரியும் இந்த இருவரும் செய்யும் பிழை ஒன்றே: கடந்துபோன ஒரு விலைக்கு வருங்காலத்தைச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த உச்சமும் எப்போதும் தங்கத்தின் உச்சம் அல்ல. 2013 ஆகஸ்டில் இந்தியாவில் தங்கம் புதிய உச்சம் தொட்டது. உலகச் சந்தையிலோ அது 2011இன் உச்சத்தைவிடக் கால் பங்கு குறைவாகத்தான் விற்றது. ரூபாய் வீழ்ந்து டாலர் 68ஐத் தொட்டதும், ஓராண்டுக்குள் இறக்குமதி வரி படிப்படியாக 10 விழுக்காடானதும் சேர்ந்து செய்த உச்சம் அது. 2024 ஜூலை 23 அன்று நிதிநிலை அறிக்கையில் வரியை 15இலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்ததும், அன்றே பவுனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. முதல் நாள் வாங்கியவர் டெல்லியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவுக்குப் பணம் கொடுத்திருந்தார். பலகையில் தெரியும் ஒற்றை எண்ணில் டாலர் விலை, ரூபாய் மதிப்பு, வரி மூன்றும் கலந்திருக்கின்றன. எது ஏறியது என்று தலைப்புச் செய்தி சொல்வதில்லை.

கடைக்காரருக்கு இந்த மனப்போக்கு நன்றாகத் தெரியும். ‘கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி’ என்ற பலகை, பார்வையைக் கிராம் விலையில் நிறுத்திவிடுகிறது. சேதாரம் விழுக்காட்டில் ஓடுவது கவனத்தில் வருவதில்லை. பவுன் 43,000 ஆக இருந்தபோது 12 விழுக்காடு என்பது 5,160 ரூபாய். 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்சத்தைக் கடந்தபின் அதே சங்கிலிக்கு 12,000 ரூபாய். பொற்கொல்லரின் வேலை அதேதான், நேரமும் அதேதான். வீணாகும் பொன்னின் விலை ஏறியிருக்கும் என்று ஒரு பகுதிக்குச் சமாதானம் சொல்லலாம்; முழுத்தொகைக்கும் அது பொருந்தாது. உச்சத்தில் வாங்குவதற்கான அபராதம் இங்கே இரண்டாம் முறை விதிக்கப்படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2020 ஆகஸ்டில் பதறி வாங்கியவர்கூட இன்று லாபத்தில்தானே இருக்கிறார்? உண்மைதான். 5,334 ரூபாய்ப் பத்திரம் ஐந்து ஆண்டு கழித்து 2025 ஆகஸ்டில் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. ஆனால் 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலருக்கு வாங்கியவரும் அதே பதற்றத்தில்தான் வாங்கினார். அந்த விலையை அவர் மறுபடி பார்த்தது 2008இல். நல்ல விளைவு வந்ததாலேயே முடிவு சரியென்று ஆகாது. கடன் வாங்கியோ, பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்தோ 2020இல் வாங்கியவருக்கு ஐந்தாண்டு பொறுக்கும் வசதி இருந்திருக்காது.

இன்னொரு மறுப்பை நான் முழுதாகவே ஏற்கிறேன். இரண்டு ஆண்டில் மகளுக்குத் திருமணம் என்றால், விலையேற்றம் அந்த வீட்டுக்குக் கற்பனை அச்சம் அல்ல, வரப்போகும் செலவு. தேயிலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அன்றே அடகு வைக்கக்கூடிய சொத்தும் நகைதான். இந்தப் பயன்கள் எல்லாம் எடைக்கு உரியவை. வாங்கிய நாளுக்கு உரியவை அல்ல. அதனால் வாங்கலாமா என்பதைவிட, எத்தனை கிராம், எத்தனை தவணையில் என்பதே அந்த வீட்டுக்குப் பொருந்தும் கேள்வி.

தவணை என்றதும் பலரும் நகைச் சீட்டை நினைப்பார்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. மாதாமாதம் கட்டும் பணத்தை அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைப்பது ஒன்று. பதினோரு மாதப் பணத்தையும் சேர்த்துக் கடைசி நாள் விலைக்கு நகையாகத் தருவது மற்றொன்று. முதல் வகை விலையைப் பதினோரு நாளுக்குப் பிரித்துப் போடுகிறது. விலை தொடர்ந்து ஏறினால் முதல் நாளே மொத்தமாக வாங்கியவரைவிட இவர் அதிகம் கொடுத்திருப்பார். இது பதற்றத்தைத் தவிர்ப்பதற்கான விலை. இரண்டாம் வகையில் சேதாரத் தள்ளுபடி கிடைக்கலாம். விலையைப் பொறுத்தவரை அது மொத்தமாக ஒரே நாளில் வாங்குவதுதான், அந்த நாளைச் சீட்டின் தேதி தேர்ந்தெடுக்கிறது. ஆகவே சீட்டில் சேரும்போது முதலில் பார்க்க வேண்டியது பரிசுப் பொருளை அல்ல, அட்டையில் மாத வரவு கிராமில் எழுதப்படுகிறதா ரூபாயில் எழுதப்படுகிறதா என்பதை.