நழுவும் பதிலும் திட்டமிட்ட கேள்வியும்: மலையகச் சம்பளத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

2025 மார்ச் 6ஆம் திகதி அல் ஜசீராவில் ஒளிபரப்பான ரணில் விக்கிரமசிங்கவின் நேர்காணலுக்குப் பிறகு, அரசியல்வாதியைக் கேள்வி கேட்பது எப்படி என்ற பேச்சு இலங்கையில் பரவலாக எழுந்தது. பட்டலந்த விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையைப் பற்றிக் கேட்டபோது, அப்படியோர் அறிக்கை எங்கே இருக்கிறது என்ற தோரணையில் முன்னாள் ஜனாதிபதி நழுவப் பார்த்தார். நேர்காணல் செய்த மெஹ்தி ஹசன் அதன் பிரதியை எடுத்துக் காட்டினார். மறுவாரமே அந்த அறிக்கை பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. கால் நூற்றாண்டாகக் கிடப்பில் கிடந்த ஓர் ஆவணத்தை ஒரு கேள்வி வெளியே கொண்டுவந்தது.

நழுவுவதில் பேர்போனவரைச் சந்திக்கும் முன், அவர் எந்தெந்த வழியாக வெளியேறுவார் என்று ஊகித்து, ஒவ்வொரு வழிக்கும் ஒரு துணைக்கேள்வியையும் ஓர் ஆவணத்தையும் ஆயத்தமாக வைத்திருப்பதே அந்த நேர்காணல் கையாண்ட முறை. அதன் பலம் மேற்சொன்ன காட்சியில் தெரிகிறது. ஆனால் அதே முறையை ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுவந்து, ஓர் அமைச்சரிடம் தோட்டச் சம்பளத்தைப் பற்றிக் கேட்கப் பயன்படுத்தினால் அதன் குறைகளும் தெரியும். மனிதரை மடக்குவதற்காகப் போட்ட திட்டம் மலையகத்தில் பெரும்பாலும் தோற்கிறது. முடிவு எடுக்கப்படும் இடத்தை நோக்கிப் போட்ட திட்டமே பலன் தருகிறது என்பது என் கருத்து.

முதலில் தொகையை எடுத்துக்கொள்வோம். 2016இன் கூட்டு ஒப்பந்தப்படி நாளொன்றின் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். வருகைக்கு 60, உற்பத்தி ஊக்கத்தொகை 140, விலைப் பங்கு 30 என எல்லாம் சேர்ந்தால் 730. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. ஆனால் வருகைக் கொடுப்பனவும் உற்பத்தி ஊக்கத்தொகையும் நீங்கி, விலைப் பங்கு 50 மட்டும் மிஞ்சியது. மொத்தம் 750. “இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தோம்” என்று மேடையில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. எல்லாக் கொடுப்பனவுகளையும் ஏற்கெனவே பெற்றுவந்த தொழிலாளிக்குக் கூடியது இருபது ரூபாய்தான் என்பதும் பொய்யில்லை. அடிப்படை உயர்ந்தால் சேமலாப நிதியும் உயரும் என்ற நியாயமும் இதில் உண்டு. “சம்பளம் கூடியதா, இல்லையா?” என்று கேட்பவர் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே சிக்கிக்கொள்வார். அமைச்சர் தமக்கு வசதியான உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஆகவே கேள்வித் தாளைத் தயாரிப்பவர் முதலில் உட்கார வேண்டியது ஒரு சம்பளச் சீட்டின் முன்னால். தோட்டத்தில் சம்பளத்தை யாரும் ரூபாயில் மட்டும் பேசுவதில்லை, ‘பேர்’ என்றே பேசுகிறார்கள். நிர்ணயித்த கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ஆனபோது பல தோட்டங்களில் கொழுந்தின் அளவு கூட்டப்பட்டது, எட்ட முடியாதவர்களுக்கு அரைப் பேர் விழுந்தது என்று தொழிலாளர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். இதை அறிந்தவர் “1000 ரூபாய் கொடுக்கிறார்களா?” என்று கேட்க மாட்டார். “சென்ற மாதம் எத்தனை தொழிலாளர்களுக்கு எத்தனை முழுப் பேர் விழுந்தது, அந்தக் கணக்கைத் தொழில் திணைக்களம் வாங்குகிறதா?” என்று கேட்பார். “கொடுக்கிறார்கள்” என்ற பதில் முதல் கேள்வியை முடித்துவிடும். இரண்டாவது கேள்விக்கு அது பதிலே ஆகாது. கணக்கு வாங்குவதில்லை என்று அமைச்சர் சொன்னாலும், தெரியாது என்று சொன்னாலும் அதுவே செய்தி. நல்ல திட்டத்தின் உண்மையான சோதனை இதுதான்: பதில் வராவிட்டாலும் வாசகருக்கு ஏதாவது தெரியவருகிறதா?

அடுத்து, அமைச்சர்கள் அதிகம் பயன்படுத்தும் வெளியேறும் வழியைப் பார்ப்போம். “கம்பனிகள் சம்மதிக்கவில்லை, பேச்சுவார்த்தை நடக்கிறது.” கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் இதில் உண்மை இருந்தது. முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டால்தான் அப்போது சம்பளம் மாறியது. 2021இல் நிலைமை மாறியது. சம்பள நிர்ணய சபையில் கம்பனித் தரப்பு எதிர்த்தபோதும் பெரும்பான்மை வாக்கால் 900 ரூபாய் சம்பளமும் 100 ரூபாய் வரவு செலவுத் திட்டப் படியும் தீர்மானிக்கப்பட்டு, மார்ச்சில் வர்த்தமானி வெளியானது. அந்தச் சபைக்குத் தொழில் ஆணையாளர் நாயகம் தலைவர். முதலாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் சம அளவு பிரதிநிதிகள். அவர்களுக்கு மேல், அமைச்சர் நியமிக்கும் உறுப்பினர்களும் உண்டு. இரு தரப்பும் சமமாகப் பிரிந்து நிற்கும்போது அந்த நியமன உறுப்பினர்களின் வாக்கே தராசைச் சாய்க்கும்.

இந்த அமைப்பைத் தெரிந்தவரின் கேள்வி வரிசை வேறு மாதிரி அமையும். முதல் கேள்வி அமைச்சர் மறுக்க முடியாத ஒன்று: “அமைச்சர் அவர்களே, தேயிலைத் தொழிலின் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிப்பது சம்பள நிர்ணய சபைதானே?” ஆம் என்பார். இரண்டாவது: “அதில் நியமன உறுப்பினர்களை நியமிப்பது தொழில் அமைச்சர்தானே?” இதற்கும் ஆம் என்றே சொல்ல வேண்டும். மூன்றாவது: “கம்பனிகள் எதிர்த்தும் 2021இல் வாக்கெடுப்பு நடந்ததே, இப்போது சபை கடைசியாகக் கூடிய திகதி எது? நியமன உறுப்பினர்கள் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள்?” இந்த இடத்தில் “பேச்சுவார்த்தை நடக்கிறது” என்று சொன்னால் அது காதில் விழும்போதே பொருந்தாமல் நிற்கும். முதல் இரண்டு ‘ஆம்’களையும் கேட்டுக்கொண்டிருந்த வாசகருக்கு யாரிடம் பொறுப்பு இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இதற்குத் தேவையான ஆவணங்கள் நேர்காணலுக்கு முந்திய இரவில் கிடைப்பவை அல்ல. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் தருவதா இல்லையா என்று முடிவு செய்யவே அதிகாரிக்கு 14 வேலை நாட்கள் அவகாசம் உண்டு. மறுத்தால் மேன்முறையீடு, அதன் பிறகு ஆணைக்குழு. எனவே சபைக் கூட்டங்களின் திகதிகளைக் கேட்டு விண்ணப்பிப்பது குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். வர்த்தமானியும் ஹன்சார்டும் கையில் இருக்க, இந்தப் பதிலும் வந்து சேர்ந்தால் கேள்வித் தாளுக்கு எலும்பு கிடைத்துவிடும்.

இனி இந்த முறையின் குறைகள். முதலாவது, நழுவல் என்று நாம் நினைப்பது சில வேளை உண்மையாக இருக்கும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. லயன் வீடுகளுக்குப் போகும் பாதையைப் பற்றிக் கேட்டால் “அது தோட்ட நிர்வாகத்தின் வேலை” என்று பிரதேச சபைத் தலைவர் சொன்னது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே ஒலித்தது. ஆனால் சட்டம் அவர் பக்கம் இருந்தது. அவரை மடக்கிய பத்திரிகையாளர் கைதட்டல் வாங்கியிருக்கலாம். பாதைக்கு வழி பிறந்திருக்காது. கேள்வி போயிருக்க வேண்டிய இடம், அந்தப் பிரிவைத் திருத்தக்கூடிய பாராளுமன்றம். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே பதிலை இன்று ஒரு தலைவர் சொன்னால் அது நழுவல்தான். ஒரே வாக்கியம் ஒரு காலத்தில் உண்மையாகவும் இன்னொரு காலத்தில் சாக்காகவும் இருக்கும்போது, எதிராளியின் குணத்தை மட்டும் வைத்துப் போட்ட திட்டம் அந்த வேறுபாட்டைக் காண முடியாது.

இரண்டாவது குறை மலையகத்துக்கே உரியது. இங்கே அமைச்சர் பதவியும் தொழிற்சங்கத் தலைமையும் நெடுங்காலம் ஒரே ஆளிடம் இருந்தன. சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அமைச்சராகவும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவராகவும் இருந்தார். அவருக்குப் பின்னும் அந்த மரபு தொடர்ந்தது. அரசின் முடிவைக் கேட்டால் சங்கத் தலைவராக நின்று தொழிலாளருக்காகப் போராடுவதாகச் சொல்லலாம். சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கேட்டால் அமைச்சராக நின்று நாட்டின் பொருளாதாரத்தைப் பேசலாம். இரண்டு பதில்களும் தனித்தனியே நியாயமானவை. அதனால் துணைக்கேள்விகளை எவ்வளவு அடுக்கினாலும் பயனில்லை. தொடக்கத்திலேயே “இன்று உங்களிடம் அமைச்சராகவே கேட்கிறேன், சங்கத்தைப் பற்றிய கேள்விகளைப் பின்பகுதியில் தனியாகக் கேட்பேன்” என்று வரையறுத்துவிட வேண்டும். அந்த எல்லையை அவர் தாண்டும்போதெல்லாம் நினைவூட்டலாம்.

மூன்றாவது குறை, தாளைப் பிடித்தவரின் காது மந்தமாகிவிடுவது. 1997 மேயில் பிபிசியில் ஜெரமி பாக்ஸ்மன், பிரித்தானிய முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு தடவை போல் திருப்பித் திருப்பிக் கேட்டதைத் துணிச்சலான திட்டத்தின் உச்சமாகப் பலர் சொல்வார்கள். ஆனால் அடுத்துப் போட வேண்டிய செய்தித் தொகுப்பு தயாராகாததால்தான் நீட்டிக்க நேர்ந்தது என்று பாக்ஸ்மனே பின்னாளில் சொன்னார். அந்தத் திரும்பக் கேட்டல் எடுபட்டதற்குக் காரணம், சிறைத்துறைத் தலைவரை மீறப்போவதாக மிரட்டினீர்களா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற நேரடிப் பதில் ஹவர்டுக்குத் தெரிந்திருந்ததே. சம்பள விவகாரத்தில் இதைப் போலச் செய்தால், கூச்சலைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. அமைச்சர் போகிற போக்கில் “அந்தத் தோட்டங்களில் வேறு ஏற்பாடு” என்று ஒரு புதிய தகவலைச் சிந்திவிட்டுப் போவார், அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருப்பவர் அதைத் தவறவிடுவார். இருபது நிமிடத்துக்கு மூன்று விடயங்களுக்கு மேல் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். எஞ்சிய நேரம் கேட்பதற்கு.

இந்தக் குறைகளையும் கணக்கில் எடுத்து, இன்றைக்குக் கேட்க வேண்டிய ஒரு வரிசையைப் போட்டுப் பார்க்கலாம். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1700 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் இடைக்காலத் தடை வந்தது, செப்டெம்பரில் 1350 ஆக முடிந்தது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் இதை 1750 ஆக்கியது: கம்பனி 1550, வருகைக்கு அரசு 200. இங்கே “1750 கிடைக்குமா?” என்ற கேள்வியை விட்டுவிட வேண்டும். “அரைப் பேர் விழுந்த நாளுக்கு அந்த 200 உண்டா? வருகையைச் செக்ரோலில் பதிவது தோட்ட நிர்வாகம், பணம் கொடுப்பது திறைசேரி. பதிவு சரியா என்று பார்ப்பது யார், அதற்கான சுற்றறிக்கை எந்தத் திகதியில் வெளியானது?” என்று கேட்க வேண்டும். அமைச்சர் “ஆராய்ந்து பார்க்கிறோம்” என்றால், சுற்றறிக்கை இல்லை என்று எழுதலாம். இருக்கிறது என்றால் பிரதியைக் கேட்டு வாங்கலாம். கம்பனியைக் கைகாட்டினால், மறுநாள் அதே கேள்வியோடு கம்பனியிடம் போகலாம்.

நழுவுபவரைப் பிடிக்கும் கலையாக மட்டும் இந்த முறையைப் பயில்வோர் நல்ல காணொளித் துண்டுகளைத் தருவார்கள். யாருக்கு அதிகாரம், எந்தச் சட்டப்படி, எந்தத் திகதி முதல் என்ற மூன்றையும் கேள்வித் தாளின் மேலே எழுதிவிட்டுத் தொடங்குபவர், நேர்காணல் தோல்வியடைந்தாலும் மறுநாள் எழுத ஒரு செய்தியுடன் வெளியே வருவார். மாத முடிவில் சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்க்கும் தொழிலாளிக்கு உதவுவது இந்த இரண்டாவது வகைத் திட்டமே.