புதாதித்திய யோகம்: அஸ்தங்கமும் பாவமும்

சூரியனும் புதனும் ஒரே இராசியில் கூடி நிற்பதைச் சோதிட நூலார் புதாதித்திய யோகம் என்பர். கல்வி, நாவன்மை, அறிவுக்கூர்மை ஆகியவை இதன் பயன்களாகக் கூறப்படுகின்றன. எனினும் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆதலின் இவ்விருவரின் சேர்க்கை மிகப் பலருடைய சாதகங்களில் காணப்படுவதே. யாவர்க்கும் பொதுவான ஓர் அமைப்பு தனிச்சிறப்பை உணர்த்த வேண்டுமாயின், அதனை வரையறுக்கும் நிபந்தனைகள் இன்றியமையாதவை. அவற்றுள் தலையாயவை இரண்டு: அஸ்தங்கம், பாவம்.

புதன் சூரியனுக்கு 14 பாகைக்குள் வரின் அஸ்தங்கம் அடைகிறது. வக்கிரகதியில் இவ்வெல்லை 12 பாகை என்பது சூரிய சித்தாந்தக் கணக்கு. ஒளியிழந்த கோள் தன் பயனைத் தராது என்பதே விதி. அவ்வாறாயின், இருவரும் ஒரே இராசியில் இருப்பினும் போதிய இடைவெளி இருந்தாலன்றி யோகம் முழுமை பெறாது.

இரண்டாம் நிபந்தனையைச் செம்பவாங்கில் நிகழ்ந்ததாகக் கொள்ளும் ஒரு பிறப்பைக் கொண்டு விளக்கலாம். 1981 டிசம்பர் 10, நள்ளிரவு கடந்து கடிகாரத்தில் 1.10 மணி. அன்று சூரியனும் புதனும் விருச்சிகத்தில் ஓரிரு பாகை இடைவெளியில் நின்றனர், அஸ்தங்கம் ஐயமற்றது. அக்காலத்தில் சிங்கப்பூர் நேரம் கிரீன்விச் நேரத்திற்கு ஏழரை மணி முற்பட்டிருந்தது. 1982 சனவரி 1 முதல்தான் எட்டு மணி ஆயிற்று. ஏழரை மணி கொண்டு கணித்தால் கன்னி இலக்கினத்தின் தொடக்கப் பாகைகள் உதயமாகின்றன. இன்றைய எட்டு மணி வேறுபாட்டைக் கருதாது பயன்படுத்தினால் சிம்ம இலக்கினமே கிடைக்கும்.

இப்பிழையால் இருகோளின் இடைவெளி குறிப்பிடும் அளவு மாறுவதில்லை, பாவமோ மாறிவிடுகிறது. சிம்மத்திற்கு விருச்சிகம் நான்காமிடம், அஃதாவது கேந்திரம். அங்கே இலக்கினாதிபதியான சூரியன், வாக்கையும் இலாபத்தையும் குறிக்கும் இரண்டு, பதினொன்றாம் இடங்களுக்குரிய புதனுடன் கூடுகிறான். கன்னிக்கோ அது மூன்றாமிடம். அங்கு இலக்கினாதிபதியான புதன், விரயாதிபதியான சூரியனால் அஸ்தங்கம் அடைகிறான். அரைமணி வேறுபாடு யோகத்தின் வாக்குறுதியையே மாற்றிவிடுகிறது. 1982க்கு முன் இங்குப் பிறந்தோரின் சாதகத்தை ஆராய்வோர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதுவே.

இவ்விதிகளின் எல்லையையும் சுட்ட வேண்டும். 1882 டிசம்பர் 11 அன்று பாரதியார் பிறந்தபோதும் சூரியனும் புதனும் விருச்சிகத்தில் ஐந்து பாகைக்குள்ளேயே நின்றனர். அஸ்தங்க விதியை மட்டும் கொண்டு பலன் உரைத்தால் அவருக்கு நாவன்மை மறுக்கப்பட்டிருக்கும். தனியொரு விதியால் தீர்ப்பு வழங்குதல் எத்துணைப் பொருந்தாது என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். யோகத்தின் பெயரைக் கூறுவது எளிது. பாகையையும் பாவத்தையும் காட்டாமல் அப்பெயரைக் கொண்டு மாணவரின் கல்வியை முன்னுரைப்பது, நூல்மரபின்படியும் ஏற்கத்தக்கதன்று.