வேட்டி வெள்ளையாகவே இருக்கட்டும்: டாவின்சி ரிசால்வில் டீல் அண்ட் ஆரஞ்சு

மனிதத் தோல் கருப்போ மாநிறமோ சிவப்போ, நிறவட்டத்தில் அது ஆரஞ்சுப் பக்கம்தான் விழும். அதற்கு நேரெதிரே இருப்பது டீல் எனப்படும் பச்சை கலந்த நீலம். பின்னணியை அந்தப் பக்கம் தள்ளினால் முகம் தனித்துத் தெரியும். சினிமாக்காரர்களுக்கு இந்தக் கூட்டணி பிடித்துப்போன காரணம் இதுதான். ஆனால் இந்த இழுபறியில் முதலில் கெடுவது வெள்ளை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு வெள்ளையைக் காப்பாற்றுமா என்று பார்ப்பதற்காக, வேண்டுமென்றே ஒரு கடினமான காட்சியை எடுத்துக்கொண்டேன். நாகப்பட்டினம் கடற்கரையில் காலை வெயில். படகருகே வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் கடலும் வானமும்.

பலரும் முதலில் தொடுவது நிறச்சக்கரங்களை. Lift சக்கரத்தை டீல் பக்கமும் Gain சக்கரத்தை ஆரஞ்சுப் பக்கமும் நகர்த்துவார்கள். காட்சி உடனே மாறும், வேட்டியும் மஞ்சளடிக்கும். சக்கரங்கள் வெளிச்சத்தின் அளவைப் பார்த்து வேலை செய்பவை. எது தோல், எது துணி என்று அவற்றுக்குத் தெரியாது. Gain மிகப் பிரகாசமான இடத்தைத்தான் அதிகம் பாதிக்கும். இந்தக் காட்சியில் அந்த இடம் வேட்டியேதான். கண் சீக்கிரம் பழகிவிடுவதால் திரையை மட்டும் நம்பக் கூடாது. வெக்டர்ஸ்கோப்பைப் பார்க்க வேண்டும். நிறமற்றவை எல்லாம் அதன் நடுப்புள்ளியில் குவிந்திருக்கும். அந்தக் குவியல் ஆரஞ்சை நோக்கி வால் நீட்டினால் வெள்ளை போய்விட்டது என்று அர்த்தம்.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த கருவியான Hue Vs Hue வளைகோடு வேறு வழியில் போகிறது. அது புதிதாக நிறம் எதையும் ஊற்றுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் நிறத்தைத்தான் திருப்புகிறது. வெள்ளையில் திருப்புவதற்கு நிறமே இல்லாததால் அது தானாகத் தப்பிக்கிறது. வான நீலத்தை 20 முதல் 25 டிகிரி வரை சியான் பக்கம் திருப்பியதும் கடலும் வானமும் ஒரே டீல் குடும்பத்துக்குள் வந்துவிட்டன. தோலில் சிவப்பும் மஞ்சளும் சிதறிக் கிடந்ததை இரு பக்கமிருந்தும் லேசாக ஆரஞ்சை நோக்கி நெருக்கினேன். வெக்டர்ஸ்கோப்பின் நடுக்குவியல் அசையவில்லை.

ஆனால் இது சுத்தமான வெள்ளைக்கு மட்டும்தான் பொருந்தும். வேட்டியின் நிழல் மடிப்புகளில் வானத்தின் நீலம் கொஞ்சம் ஏறியிருக்கும். வளைகோடு அதையும் டீலாக்கும். துணி அழுக்கேறியதுபோல் தெரியும். அதனால் வரிசை முக்கியம். முதல் நோடில் வெயில் படும் சட்டையை வைத்து வெள்ளைச் சமன்: பரேடில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் உச்சியும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். இரண்டாவது நோடில் Sat Vs Sat வளைகோட்டின் இடது ஓரத்தை மட்டும் கீழே இறக்க வேண்டும். மிகக் குறைந்த நிறம் உள்ள இடங்கள் முழுமையாக நிறமிழக்கும், மடிப்புகளும் தூய்மையாகும். Hue Vs Hue இதற்குப் பிறகு, மூன்றாவது நோடில்தான். இதற்கும் ஒரு விலை உண்டு. தொடுவானத்தை ஒட்டிய மங்கிய கடலிலும் நிறம் குறைவு என்பதால், அளவு மீறினால் வானத்துக்கும் கடலுக்கும் நடுவே சாம்பல் பட்டை ஒன்று தோன்றும். அது தெரிந்த கணமே கையை எடுத்துவிட்டு, கொஞ்சம் பின்வாங்க வேண்டும்.

நிழல்களிலும் டீல் வேண்டுமென்றால் கடைசி நோடில் Log சக்கரங்களின் Shadow போதும். ஆனால் Low Range இயல்பாக 0.333-இல் இருக்கும், அப்படியே விட்டால் வேட்டி மடிப்புகள் வரை நிறம் ஏறும். அதை 0.2 அளவுக்குக் குறைத்ததும் படகின் அடிப்பக்கமும் தலைமுடியும் மட்டும் டீலை வாங்கிக்கொண்டன.

குவாலிஃபையரால் வெள்ளையைத் தேர்ந்தெடுத்து விலக்கி வைக்கும் வழியும் இருக்கிறது. Hue-வை அணைத்துவிட்டு, நிறம் குறைவாகவும் வெளிச்சம் அதிகமாகவும் உள்ளவற்றைப் பிடித்தால் வேட்டி அகப்படும். கூடவே அலை நுரையும் வரும், அது நல்லதுதான். ஆனால் கைபேசிகள் பொதுவாகப் பதிவு செய்யும் 8 பிட், 4:2:0 வீடியோவில் நிறத் தகவல் கால்வாசிப் புள்ளிகளுக்குத்தான் இருக்கும். துணியும் கையும் சந்திக்கும் விளிம்பு கட்டம் கட்டமாக உடைந்து, அசையும்போது மினுமினுக்கும். Blur Radius கொஞ்சம் மறைக்குமே தவிர குணப்படுத்தாது. வளைகோடு கைவிடும் காட்சிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வேன்.

மேலே சொன்ன கருவிகள் எல்லாம் இலவசப் பதிப்பிலேயே கிடைக்கின்றன. குறை தெரிவது இரவுக் காட்சிகளில். இரைச்சல் மிகுந்த வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு புள்ளியும் வெவ்வேறு நிறம் காட்டும். வளைகோடு அவற்றைத் தனித்தனியே திருப்ப, சுவரில் நிறப்பொட்டுகள் ஊரும். அவற்றை முன்கூட்டியே அடக்கும் இரைச்சல் நீக்கி, காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் படமெடுப்பவர்கள் அதை வாங்கத் தேவையில்லை. மண்டபத்தின் ட்யூப்லைட்டில் இரவு வரவேற்பு எடுப்பவர்கள் வாங்கத்தான் வேண்டியிருக்கும்.