‘ஃபொன்’ போட்டால் போதுமா?

செவிலியர் வேலைக்கு ஜெர்மனி போக மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் ஜெர்மன் மொழியைப் படிக்கத் தொடங்கினால், சீக்கிரமே அவர் காதில் ஓர் ஆறுதல் விழும்: “உடைமை காட்டும் வேற்றுமை செத்துக்கொண்டிருக்கிறது, பேச்சில் யாரும் சொல்வதில்லை, ‘ஃபொன்’ என்ற முன்னிடைச்சொல்லைப் போட்டு நான்காம் வேற்றுமையில் முடித்துவிடு.” ஜெர்மன் எழுத்தாளர் பாஸ்டியன் சிக் 2004இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இந்தச் சாவைப் பற்றியதுதான். பேச்சில் ‘ஃபொன்’ மிகுதி என்பதை மறுக்க முடியாது. வட்டார வழக்குகள் பலவும் பழைய வேற்றுமையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கைவிட்டுவிட்டன. எழுத்துமொழிதான் அதைக் காப்பாற்றிவந்தது. சில இடங்களில் எழுத்துக்கும் ‘ஃபொன்’ வேண்டும். உடைமை உருபு தெரிவதற்குப் பெயருக்கு முன் ஒரு சுட்டோ அடையோ இருக்க வேண்டும். பாலின் விலையைச் சொல்லும்போது ‘மில்ஷ்’ தனியாக நிற்கிறது, உருபு ஏற இடமில்லை. அதனால் ‘டேர் பிரைஸ் ஃபொன் மில்ஷ்’ என்பதே சரியான வடிவம்.

என் மறுப்பு, இந்தக் குறுக்குவழி உழைப்பைக் குறைக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான். அதைச் சொல்பவர்கள் வடிவங்களை வைத்துப் பார்ப்பதே இல்லை. ‘நோயாளிப் பெண்ணின் மகள்’ என்பதற்கு உடைமை வேற்றுமையில் ‘டி டாஹ்டர் டேர் பாட்ஸியென்டின்’. ‘ஃபொன்’ போட்டால் ‘டி டாஹ்டர் ஃபொன் டேர் பாட்ஸியென்டின்’. பெண்பாலில் இரு வேற்றுமைக்கும் சுட்டு ஒன்றே, ‘டேர்’. மிச்சமானது எதுவுமில்லை, ஒரு சொல் கூடியதுதான். ஆண் நோயாளி என்றால் ‘டெஸ் பாட்ஸியென்டன்’ ஒரு பக்கம், ‘ஃபொம் பாட்ஸியென்டன்’ மறுபக்கம். பெயரின் இறுதியில் ஏறும் ‘அன்’ இரண்டிலும் உண்டு. அதைத் தவறவிட்டு ‘டெஸ் பாட்ஸியென்ட்ஸ்’ என்று எழுதுகிறவர் ‘ஃபொம் பாட்ஸியென்ட்’ என்றும் தவறுவார். பன்மையில் நிலை இன்னும் மோசம். குழந்தைகளின் கட்டில்கள் ‘டி பெட்டன் டேர் கிண்டர்’. ‘ஃபொன்’ வந்ததும் ‘ஃபொன் டேன் கிண்டர்ன்’ என்று பெயருக்கும் ஒரு ‘ன்’ ஒட்ட வேண்டும். உண்மையில் சுமை குறைவது ‘டெஸ் ஃபாட்டர்ஸ்’ போன்ற சாதாரண ஆண்பாலிலும் அலிப்பாலிலும் மட்டும்.

“ஜெர்மானியரே அப்படித்தானே பேசுகிறார்கள்” என்பார்கள். பேசுகிறார்கள், ஆனால் எழுதப்பட்டதைப் படிக்கும்போது உடைமை வேற்றுமையைத் தடுமாறாமல் இனங்காண்கிறார்கள். ‘ஃபொன்’ மட்டும் கற்றவருக்கு அது வாய்க்காது. ‘டேர்’ என்பது முதல் வேற்றுமை ஆண்பால் சுட்டாகவும் இருப்பதால், மருத்துவமனைப் பதிவேட்டில் ‘டி டாஹ்டர் டேர் பாட்ஸியென்டின்’ என்று கண்டதும் யார் யாருக்கு மகள் என்பதில் தயங்குவார். தவிர, ‘ஃபொன்’ ‘இடமிருந்து’ என்றும் பொருள்படும், ‘உடையது’ என்றும் பொருள்படும். ‘ஐன் ப்ரீஃப் ஃபொன் டேர் பாட்ஸியென்டின்’ என்றால் அவர் எழுதிய கடிதமா, அவருக்குச் சொந்தமான கடிதமா? மகளின் தொலைபேசி எண் வேண்டுமென்று கேட்க, ‘டி நுமர் ஃபொன் டேர் டாஹ்டர் ஃபொன் டேர் பாட்ஸியென்டின்’ என்று இரண்டு ‘ஃபொன்’ அடுக்கினாலும் புரியும். ஆனால் ஜெர்மானியப் பேச்சுக்காரரே அந்த இரண்டாவதை விட்டுவிட்டு ‘ஃபொன் டேர் டாஹ்டர் டேர் பாட்ஸியென்டின்’ என்று சொல்லக்கூடும். செத்ததாகச் சொல்லப்படும் வேற்றுமை அங்கே வாயிலேயே வேலை செய்கிறது.