விடியற்காலைப் பத்தி

மார்கஸ் அரேலியஸின் ‘தியானங்கள்’ நூலுக்கு ஆங்கிலத்தில் எந்த மொழிபெயர்ப்பை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். ஐந்தாம் பகுதியின் முதல் பத்தியை மட்டும் எடுத்துப் படியுங்கள். ரோமப் பேரரசர் விடியற்காலையில் போர்வையை விட்டு எழ மனமில்லாமல் தன்னோடு தானே மல்லுக்கட்டும் இடம் அது.

1862இல் வந்த ஜார்ஜ் லாங்கின் மொழிபெயர்ப்பில் பேரரசர் பைபிள் நடையில் பேசுகிறார். அந்த நடையில் சோம்பல்கூடக் கம்பீரமாகிவிடுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பலரும் இதில்தான் தொடங்குகிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள். கிரகரி ஹேஸ் (2002) அதே பத்தியைத் தூக்கக் கலக்கத்தில் நடக்கும் வாக்குவாதமாகவே ஆக்கிவிட்டார். சிரிப்பு வருகிறது.

ஆனால் ஹேஸிடம் ஒரு குறை உண்டு. ‘லோகோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை இடத்துக்கு ஏற்ப வெவ்வேறாகப் பெயர்க்கிறார். வாசிப்பு தடைபடாது, ஆனால் ஒரே சொல்தான் நூல் முழுக்கத் திரும்பி வருகிறது என்பது தெரியாது. மார்ட்டின் ஹாமண்ட் (2006) மூலத்தை இன்னும் நெருக்கமாகப் பின்தொடர்கிறார், குறிப்புகளும் தருகிறார்.

முதல் வாசிப்புக்கு ஹேஸ். பிடித்துப்போனால் ஹாமண்ட். எதை வாங்கினாலும், பேரரசர் நன்றி சொல்லிக்கொண்டே போகும் முதல் பகுதியைத் தாண்டி இரண்டாம் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள்.