255-இல் நின்றுவிடும் பொன்னியின் செல்வன்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர் போல. பேருந்தில் போனால் கல்கியின் அத்தியாயங்களில் ஏழெட்டைக் கேட்டுவிடலாம். இந்தப் பக்கத்தில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பழகி வளர்ந்தவர்கள் நிறைய. தமிழைக் கேட்டால் புரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பதுதான் கடினம். அவர்களுக்கு ஒலிநூல் வசதிப் பொருளல்ல, நாவலுக்குள் நுழைய இருக்கும் ஒரே வாசல். ஆனால் கைக்கு வருவது அத்தியாயத்துக்கு ஒன்றாக எம்பி3 கோப்புகள். பொன்னியின் செல்வனில் ஐந்து பாகங்களும் சேர்ந்து 293.

இவற்றை அத்தியாயக் குறிகளோடு ஒரே எம்4பி கோப்பாக இணைப்பது பெருகிவரும் பழக்கம். லாபம் வெளிப்படை. விட்ட இடத்தைச் செயலி நினைவில் வைத்துக்கொள்கிறது, பாட்டுப் பட்டியலுக்குள் வந்தியத்தேவன் சிதறிப்போவதில்லை, 10-ஆம் அத்தியாயம் 2-க்கு முன்னால் வந்து நிற்பதில்லை.

வேலை இரண்டு படி. முதலில் எல்லாக் கோப்புகளையும் ஒரே அளவில் ஏஏசி ஒலியாக மாற்ற வேண்டும். ஒருவர் குரல் மட்டும் என்றால் மோனோ, 64 கேபிபிஎஸ் போதும், மணிக்கு 29 எம்பி ஆகும். எம்பி3-ஐ அப்படியே எம்4பிக்குள் திணித்தால் சில செயலிகள் திறக்கவே மறுக்கும். மாற்றிய கோப்புகளின் நீளத்தை அளந்து `chapters.txt` கோப்பில் குறிகளை எழுத வேண்டும்:

```
;FFMETADATA1
[CHAPTER]
TIMEBASE=1/1000
START=0
END=900000
title=001 ஆடித் திருநாள்
```

பிறகு, `list.txt` கோப்பில் கோப்புப் பெயர்களை வரிக்கு ஒன்றாக `file '001.m4a'` என்ற வடிவில் வரிசையாக எழுதிக்கொண்டு:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -i chapters.txt -map 0:a -map_metadata 1 -map_chapters 1 -c copy part1.m4b
```

நீளத்தை மாற்றிய கோப்பில்தான் அளக்க வேண்டும், மூல எம்பி3-இல் அல்ல. மாறும் பிட் வீதத்தில் பதிந்த எம்பி3-இல் தலைப்புத் தகவல் இல்லாவிட்டால், அது காட்டும் நேரம் வெறும் ஊகம். ஓர் அத்தியாயத்தில் இரண்டு விநாடி பிசகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பிழை ஒரே பக்கமாகவே சேர்ந்துகொண்டு போனால் ஐம்பதாவது அத்தியாயத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும். எனவே முதல் குறியைத் தொட்டுப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது, கடைசிக் குறியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஐந்து பாகத்தையும் ஒரே கோப்பாக்கும் ஆசைதான் இந்தப் பழக்கத்தின் பெரிய பலவீனம். எம்4பிக்குள் குறிகள் இரண்டு இடத்தில் உட்காருகின்றன. ஒன்று ஆப்பிள் வழியில் வந்த அத்தியாயத் தடம், மற்றது நீரோ நிறுவனம் கொண்டுவந்த `chpl` பட்டியல். மேலே உள்ள கட்டளை இரண்டையும் எழுதிவிடும். எதைப் படிப்பது என்பது செயலியின் விருப்பம். `chpl` பட்டியலில் எண்ணிக்கையை எழுத ஒரே ஒரு பைட்தான் இடம், ஆகவே 255-க்கு மேல் போகாது. முதல் நான்கு பாகங்களில் 57, 53, 46, 46 என்று 202 அத்தியாயங்கள். ஐந்தாம் பாகத்தின் 53-ஆவதோடு பட்டியல் முடிந்துபோகும். மீதி 38 அத்தியாயங்களுக்குக் குறி இல்லை. ஒலி இருக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்தப் பட்டியலை மட்டும் படிக்கும் செயலியில் கடைசி அத்தியாயம் ஒன்பது, பத்து மணி நேரம் நீளமாகத் தெரிந்தால் காரணம் இதுதான். கதை முடிச்சுகள் அவிழும் பகுதி அது என்பது இன்னும் எரிச்சல்.

அத்தியாயப் பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் எழுத்துரு இல்லாத மலிவான கருவியில் அவை கட்டங்களாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும், நான் முதலில் சொன்ன கேட்பவருக்கு அவை உதவாது. பெயருக்கு முன்னால் எண் கட்டாயம் வேண்டும். சித்தூர், திருப்பதி வீடுகளுக்கென்றே செய்வதானால் பெயரைத் தெலுங்கு எழுத்திலும் சேர்த்து எழுதலாம். தமிழ்த் தூய்மை பேசுவோர் முகம் சுளிக்கட்டும்.

ஓர் அத்தியாயத்தின் பதிவு கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்ற வழியில்லை, குறிகளை மறுபடி கணக்கிட்டு முழுக் கோப்பையும் கட்ட வேண்டும். காரின் பென்டிரைவ் கருவி பல நேரம் எம்4பியைக் கண்டுகொள்வதே இல்லை.

என் முடிவு இது: பாகத்துக்கு ஒரு கோப்பு, மொத்தம் ஐந்து. அத்தியாயத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால் முதல் பாகம் பதினான்கு மணி நேரம், 410 எம்பி வரும், சாதாரணக் கைப்பேசி தாங்கும். மிகப் பெரிய ஐந்தாம் பாகத்திலும் 91 குறிகள்தான். இணைத்து முடித்ததும் மூல எம்பி3 கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.